வாயில் இரண்டு வெள்ளை, வெட்டிப் பார்த்தது ஒன்று

திண்டுக்கல்லில் வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 53. புகையிலை, பாக்கு, பான்பராக் எதுவும் என் வாயில் பட்டதில்லை. கல்யாண வீட்டில் கொடுக்கும் தாம்பூலத்தைக்கூடப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும் ஆள். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. எந்தப் பழக்கமும் இல்லை என்ற தைரியத்தில்தான் நான் இரண்டு வருஷத்தைத் தொலைத்தேன்.

2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது. ரசம் சாப்பிட்டால் கன்னத்தின் உட்புறம் எரியும். அப்புறம் தக்காளிச் சட்னி, அப்புறம் ஊறுகாய், கடைசியில் வெறும் மிளகுப் பொங்கல்கூட ஆகவில்லை. வயிற்றுச் சூடு என்றார்கள். மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் மாற்றி மாற்றிக் குடித்தேன். மருந்துக் கடையில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் வாய்ப்புண்ணுக்கான ஜெல்லும் வாங்கினேன். ஜெல் தடவினால் அரை மணி நேரம் மரத்துப் போகும், அவ்வளவுதான். சாதாரண வாய்ப்புண் பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத எதையும் வாய்ப்புண் என்று நாமே பேர் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஐந்து மாதம் மோர்சாதத்தில் ஓட்டினேன்.

2022 ஜனவரியில் பக்கத்துத் தெரு பல் டாக்டரிடம் போனேன். எரிச்சலில் சரியாகப் பல் தேய்க்காததால் ஈறு வீங்கி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கன்னத்திலும் உள்ளே வெள்ளையாக வலை பின்னிய மாதிரி கோடுகள் இருப்பதைச் சொன்னார். இடது பக்க நாக்கின் ஓரத்தில் தனியாக ஒரு வெள்ளைத் திட்டும் இருந்தது. அதற்கு நேரே இருந்த கடைவாய்ப்பல்லின் முனை கூராக இருக்கிறது, அது உரசித்தான் நாக்கு தடித்திருக்கிறது என்று சொல்லி முனையை ராவிவிட்டார். பற்களைச் சுத்தம் செய்தார். பூஞ்சையாக இருக்கலாம் என்று தடவ ஒரு மருந்தும் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய் ஆனது.

அவர் செய்ததில் தப்பில்லை. பல் உரசினால் உண்மையிலேயே அந்த இடம் காய்ப்புக் காய்த்து வெளுக்கும். ஆனால் காரணத்தை எடுத்துவிட்டால் இரண்டு வாரத்தில், மெதுவாகப் போனால் நான்கு வாரத்தில், அது மறைய ஆரம்பித்திருக்க வேண்டும். பூஞ்சைக்கு மருந்து போட்டாலும் அப்படித்தான். தப்பு எங்கே நடந்ததென்றால், அந்த நான்கு வாரம் கழித்து யாரும் திரும்பப் பார்க்கவில்லை. அவர் வரச் சொல்லவில்லை, நானும் போகவில்லை. நாக்கில் இருந்தது வலிக்கவே இல்லை. கன்னம்தான் எரிந்தது. வலிக்கிற இடத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் என் மகள் விடுமுறைக்கு வந்தபோது செல்போனில் டார்ச் போட்டு வாய்க்குள் படம் எடுத்தாள். படத்தைப் பார்த்துப் பயந்துபோய், ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பல் பிடுங்குகிறவர், பல் கட்டுகிறவர் தவிர, வாய்க்குள் வரும் தோல், சதை நோய்களைப் பார்ப்பதற்கென்றே ஓரல் மெடிசின் என்று ஒரு படிப்பு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு பல் மருத்துவக் கல்லூரியிலும் அந்தத் துறை இருக்கும். சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசுக் கல்லூரியிலும், சிதம்பரம், புதுக்கோட்டை அரசுக் கல்லூரிகளிலும் மிகக் குறைந்த செலவில் பார்க்கலாம். முதல் நாளே அப்படி ஒரு துறைக்குப் போயிருக்கலாம்.

மகள் கூட்டிப்போன கல்லூரியில் முதலில் பஞ்சுத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தார்கள். பூஞ்சையாக இருந்தால் தயிர் ஆடை மாதிரி வழித்துக்கொண்டு வரும். வரவில்லை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டு, என் பிரஷர் மாத்திரையின் பெயரை எழுதிக்கொண்டார்கள். சில பிரஷர் மாத்திரைகள், வலி மாத்திரைகள், சில சர்க்கரை மாத்திரைகள் வாயில் இதே மாதிரி கோடுகளை வரவைக்குமாம். (அதற்காக நாமே மாத்திரையை நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும்.) பழைய வெள்ளி அடைப்பு பட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் கோடு இருந்தால் அதற்கும் வேறு அர்த்தம் உண்டாம். எனக்கு அடைப்பு எதுவும் இல்லை. பிரஷர் மாத்திரையும் கோடுகள் வந்த பிறகுதான் ஆரம்பித்தது. அதனால் லைக்கன் பிளேனஸாக இருக்கும், உறுதி செய்ய பயாப்சி எடுக்கலாம் என்றார்கள்.

லைக்கன் பிளேனஸ் என்றால் என்ன என்று அங்கே ஒரு சின்ன வயது டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே வாயின் மேல்தோலின் அடிவரிசையைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகின்றன. ஒட்டுவதில்லை, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. பெரும்பாலும் இரண்டு கன்னத்திலும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே விதமாக வரும். முழுசாகக் குணமாகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். வருஷங்கள் போகப் போக நூறில் ஏறக்குறைய ஒருவருக்குப் புற்றாக மாறலாம், அதனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவும் சரியாகத்தான் சொன்னார்.

இடது கன்னத்திலிருந்து பட்டாணியில் பாதி அளவு சதை எடுத்தார்கள். ஸ்டீராய்டு மருந்து தொடங்கும் முன்பே எடுத்தது நல்லதாகப் போயிற்று. மருந்து போட்டு அழற்சி அடங்கிய பிறகு எடுத்தால், சதையில் தெரிய வேண்டிய அடையாளங்கள் மங்கிவிடுமாம். பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது: லைக்கன் பிளேனஸ், டிஸ்பிளேசியா இல்லை. அதாவது அணுக்களின் வடிவத்தில் புற்றை நோக்கிய மாற்றம் எதுவும் இல்லை. ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

என் கேஸ் நோட்டில் நாக்குத் திட்டுக்கு நேரே 'பட்டை வகை லைக்கன் பிளேனஸ்' என்று எழுதியிருந்தார்கள். லைக்கன் பிளேனஸில் அப்படித் திட்டாக வரும் வகை ஒன்று உண்டு, அது உண்மைதான். ஆனால் நாக்கிலிருந்து யாரும் சதை எடுக்கவில்லை. கன்னத்து ரிப்போர்ட்டை வைத்து நாக்குக்கும் சேர்த்து முடிவு கட்டிவிட்டார்கள். என் தொழிலில் சொன்னால், லைனிங் துணியை நனைத்துப் பார்த்துவிட்டு மேல்துணிச் சாயம் போகாது என்று சொல்கிற மாதிரி. பயாப்சி ரிப்போர்ட் அந்த வெட்டிய துண்டைப் பற்றி மட்டும்தான் பேசும். அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி, "நாக்கில் இருப்பதும் இதுதான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்பது. அதைக் கேட்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

கன்னத்துக்கு ஸ்டீராய்டு பசை கொடுத்தார்கள். அதை ஜெல் மாதிரி தேய்த்துத் தேய்த்து முதல் மாதம் வீணாக்கினேன். தேய்த்தால் அது உருண்டு மணல் மாதிரி உதிர்ந்துவிடும். சாப்பிட்டு வாய் கொப்பளித்த பிறகு, சுத்தமான துணியால் அந்த இடத்தை ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, கடுகளவு பசையை விரல் நுனியால் ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ராத்திரி படுக்கும் முன் வைப்பதுதான் நன்றாக நிற்கும். மூன்றாவது வாரம் வாயெல்லாம் வெள்ளையாகத் தயிர் படிந்த மாதிரி ஆனது. நோய் முற்றிவிட்டது என்று அழுதேன். ஸ்டீராய்டு தடவும்போது பூஞ்சை வருவது சகஜம், அதற்கு மாத்திரை கொடுத்தால் ஒரு வாரத்தில் போய்விடும் என்று போனில் சொன்னார்கள். போய்விட்டது. இரண்டு மாதத்தில் ரசம் சாப்பிட்டேன்.

இங்கேதான் நான் கவனித்திருக்க வேண்டிய அடையாளம் இருந்தது. கன்னத்துக் கோடுகள் மருந்துக்கு மங்கின, கவலை அதிகமான மாதம் திரும்ப வந்தன, இடம் மாறின. லைக்கன் பிளேனஸ் அப்படித்தான், ஏறும் இறங்கும். நாக்குத் திட்டு மட்டும் அசையவே இல்லை. சுண்ணாம்புக் கட்டியால் துணியில் குறி போட்ட மாதிரி ஓரம் தெளிவாக, அதே இடத்தில், அதே வெள்ளையில் இருந்தது. எதிர்ப்பக்க நாக்கில் அதற்கு ஜோடியும் இல்லை. ஒரே வாயில் ஒன்று மருந்துக்கு இறங்கி இன்னொன்று இறங்காவிட்டால், இரண்டும் ஒன்றுதானா என்று சந்தேகப்பட அதுவே போதும்.

நவம்பரில் ஒருமுறை மறுபார்வைக்குப் போனேன். அன்றைக்கு வேறு ஒருவர் இருந்தார். கன்னத்தைப் பார்த்து நல்ல முன்னேற்றம் என்றார். நாக்கைக் காட்டினேன். வெள்ளை மறைய லைகோபீன் கலந்த ஆன்டி ஆக்ஸிடன்ட் கேப்சூல் எழுதினார். மாதம் 600 ரூபாய் வீதம் எட்டு மாதம் விழுங்கினேன், 4,800 ரூபாய். இது மாதிரி கேப்சூல்களில் சிலருக்குத் திட்டு சுருங்குவதும் மங்குவதும் உண்டாம். ஆனால் புற்றாக மாறுவதை அவை தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று பின்னால் மதுரை டாக்டர் சொன்னார். வெள்ளை மங்கினால் நமக்குப் பயமும் மங்கிவிடுகிறது, அதுதான் எனக்கு அதிலிருக்கும் பெரிய மனக்குறை. எனக்கு மங்கக்கூட இல்லை. எரிச்சல் இல்லாததால் அடுத்த மறுபார்வைகளுக்கு நான் போகவில்லை. பள்ளி யூனிபார்ம் தைக்கும் சீசன் வந்தது, சாக்கு கிடைத்தது.

2023 நவம்பரில் நாக்கு அந்த இடத்தில் பல்லில் படும்போது சொரசொரப்பாகத் தெரிந்தது. தீபாவளிக்கு வந்த மகள் மறுபடியும் படம் எடுத்து, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். பழையதில் கடைவாய்ப்பல் ஒன்றின் அகலத்துக்குள் அடங்கியிருந்த திட்டு, புதியதில் ஒன்றரைப் பல் நீளம் இருந்தது. நடுவில் ஒரு இடம் சிவந்திருந்தது. அந்த 2022 மே படம் இல்லாவிட்டால் வளர்ந்ததா இல்லையா என்று சொல்ல யாராலும் முடிந்திருக்காது. கேஸ் நோட்டில் அளவு எதுவும் எழுதியிருக்கவில்லை.

இந்த முறை மதுரையில் ஒரு ஓரல் மெடிசின் டாக்டரைப் பார்த்தோம். அவர் பழைய ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு முதலில் கேட்டது, "இதில் இடது கன்னம் என்று போட்டிருக்கிறது. நாக்கு ரிப்போர்ட் எங்கேம்மா?" என்பதுதான். இல்லை என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், கன்னத்தில் இருப்பது லைக்கன் பிளேனஸ்தான், நாக்கில் இருப்பது லூக்கோபிளேக்கியா மாதிரித் தெரிகிறது என்றார். லூக்கோபிளேக்கியா என்பது கண்ணால் பார்த்து வைக்கும் ஒரு தற்காலிகப் பெயர் மாதிரி. துடைத்தால் போகாத, வேறு எந்த நோயின் கணக்கிலும் சேராத, புற்றாக மாறும் வாய்ப்புள்ள வெள்ளைத் திட்டு என்றுதான் அர்த்தம். உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பயாப்சி மட்டும்தான் சொல்லும்.

"எனக்குப் பழக்கம் எதுவும் இல்லையே டாக்டர்" என்றேன், நற்சான்றிதழ் நீட்டுகிற மாதிரி. அவர் சொன்ன பதில் தூக்கிவாரிப் போட்டது. புகையிலை போடுகிறவர்களுக்கு லூக்கோபிளேக்கியா அதிகம் வரும், ஆனால் அதை நிறுத்தினால் திட்டு பலருக்குச் சுருங்கும், மறைந்தும் போகும். எந்தப் பழக்கமும் இல்லாமல் வந்த திட்டில் நிறுத்த எதுவும் இல்லை. பழக்கமில்லாதவருக்கு வந்தது, பெண்ணுக்கு வந்தது, நாக்கின் ஓரத்திலோ நாக்குக்கு அடியிலோ வந்தது, நடுவில் சிவப்புக் கலந்தது, இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டும் கணக்கில் வருபவை. எனக்கு நான்கும் இருந்தன. மொத்தத்தில் எத்தனை பேருக்கு மாறும் என்று கேட்டேன். ஆய்வுக்கு ஆய்வு வேறுபடும், நூறில் மூன்று முதல் பத்துப் பேர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தச் சராசரி உங்களுக்குப் பொருந்தாது, உங்கள் சதை என்ன சொல்கிறதோ அதுதான் உங்கள் கணக்கு என்றார்.

அன்றைக்கே எடுக்கலாம் என்றார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுத் தங்கச்சி, "அக்கா, கத்தி மட்டும் வைக்க விடாதீங்க, தொட்டா பரவிடும்" என்று சொல்லியிருந்தாள். அவளுடைய மாமாவுக்குப் பயாப்சி எடுத்த மூன்றாவது மாதம் முற்றிவிட்டதாம். ஐந்து வாரம் தூங்காமல் இருந்தேன். கடைசியில் டாக்டரிடமே கேட்டுவிட்டேன். பயாப்சி எடுப்பதால் வாய்த் திட்டு புற்றாக மாறுவதில்லை, ஏற்கெனவே முற்றிய பிறகு வந்து பயாப்சி எடுக்கிறவர்களைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு வருகிறது என்றார். மாமா எத்தனை மாதம் கழித்துப் போனார் என்று விசாரித்தேன். ஒரு வருஷம் நாட்டு மருந்து பார்த்துவிட்டுத்தான் போயிருந்தார்.

டிசம்பர் கடைசியில் எடுத்தோம். நாக்கில் முதலில் நீலச் சாயம் ஒன்றைத் தடவிக் கழுவினார். அணுக்கள் அதிகமாக மாறியிருக்கும் இடம் நீலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். சாயம் பிடித்தால் புற்று என்று அர்த்தமில்லை, எங்கே வெட்டுவது என்று தேர்ந்தெடுக்க உதவும், அவ்வளவுதான். சிவந்த இடத்தில் ஒரு துண்டு, தடித்த வெள்ளையில் ஒரு துண்டு, இரண்டும் தனித்தனிப் புட்டியில், ஒவ்வொன்றிலும் இடத்தின் பெயர் எழுதி. இதை நான் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டேன். மரத்துப்போகும் ஊசி குத்தும்போதுதான் வலி, அப்புறம் பத்து நிமிஷ வேலை. நாக்கைப் பஞ்சுத் துணியால் பிடித்து இழுத்து வைத்திருப்பதுதான் அசௌகரியம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தையல். நான் தைப்பதைவிடச் சின்னத் தையல். நான்கு நாள் ஆறிய கஞ்சி, தயிர்சாதம். பேசினால் தையல் நூல் குத்தும். ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களுக்கு நோட்டில் எழுதிக் காட்டினேன். இரண்டு துண்டுக்கும் பரிசோதனையோடு சேர்த்து 4,500 ரூபாய்.

ரிப்போர்ட் ஒன்பதாவது நாள் வந்தது. வெள்ளை இடத்தில் லேசான டிஸ்பிளேசியா, சிவந்த இடத்தில் நடுத்தர டிஸ்பிளேசியா. ஒரே திட்டில், ஒரு விரல் அகலத்துக்குள், இரண்டு பதில்கள். வெள்ளையில் மட்டும் எடுத்திருந்தால் லேசானது என்று மட்டும் தெரிந்திருக்கும்.

டிஸ்பிளேசியா என்றால் புற்று இல்லை. அணுக்கள் ஒழுங்கு தப்பியிருக்கின்றன, இன்னும் அடித்தளத்தைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை என்று அர்த்தம். லேசு, நடுத்தரம், கடுமை என்பதை மைக்ராஸ்கோப்பில் ஒரு மனிதர் பார்த்துத்தான் சொல்கிறார், ஒரே ஸ்லைடுக்கு இரண்டு பேர் இரண்டு தரம் சொல்வதும் நடக்கும் என்று டாக்டரே சொல்லி, இன்னொரு கருத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். அதற்கு மறுபடி வெட்ட வேண்டியதில்லை. எடுத்த சதையை மெழுகில் பதித்துக் கட்டியாக லேபில் வைத்திருப்பார்கள். பாரஃபின் பிளாக் என்று கேட்டால், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். அதிலிருந்து புது ஸ்லைடு போட்டுப் பார்க்கலாம். வெறும் ரிப்போர்ட் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனால் அடுத்தவரும் அந்தக் காகிதத்தைத்தான் படிப்பார். பிளாக்கை ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்துச் சென்னைக்கு எடுத்துப் போனேன். ஜனவரி மாதம், பஸ்ஸில் ஜன்னலோரம் வெயில் படாமல் மடியில் வைத்துக்கொண்டு. அங்கேயும் நடுத்தரம் என்றுதான் சொன்னார்கள்.

வெட்டி எடுப்பதா, பார்த்துக்கொண்டே இருப்பதா என்பதுதான் அடுத்த கேள்வி. மதுரை டாக்டர் எதையும் மிகைப்படுத்தவில்லை. முழுசாக எடுத்தாலும் திரும்ப வரலாம், எடுத்ததால் இனிமேல் புற்று வராது என்று யாராலும் எழுதித் தர முடியாது. ஆனால் நடுத்தர டிஸ்பிளேசியா, அதுவும் நாக்கு ஓரம் என்பதால் எடுப்பது நல்லது, எடுத்தால் மொத்தத் திட்டையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். சின்னத் துண்டில் அகப்படாத மோசமான இடம் மீதிச் சதையில் ஒளிந்திருப்பது உண்டாம். இந்தக் காரணம் எனக்குப் புரிந்தது.

இன்னொரு இடத்தில் விலை விசாரித்தபோது, லேசர் வைத்து ரத்தமே இல்லாமல் அரை மணி நேரத்தில் ஆவியாக்கிவிடலாம் என்றார்கள். மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது. மதுரை டாக்டரிடம் சொன்னேன். லேசரால் வெட்டி எடுப்பது வேறு, ஆவியாக்குவது வேறு, ஆவியாக்கினால் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது என்றார். டிஸ்பிளேசியா இருப்பது தெரிந்த பிறகு அப்படிச் செய்தால், உள்ளே என்ன இருந்தது என்பது கடைசி வரை தெரியாமலே போய்விடும். லேசர் என்ற சொல்லைக் கேட்டவுடன், "எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா?" என்று கேட்டுவிட வேண்டும்.

2024 பிப்ரவரியில் கத்தியாலேயே எடுத்தார்கள். 22,000 ரூபாய், பரிசோதனை தனி. ஓரம் தெரிய ஒரு முனையில் நூல் கட்டி அனுப்பினார்கள். எந்தப் பக்கம் முன்னால், எந்தப் பக்கம் பின்னால் என்று லேபுக்குத் தெரிய வேண்டுமே. ரிப்போர்ட்: நடுத்தர டிஸ்பிளேசியா, உள்ளே இறங்கியது எதுவும் இல்லை, பின்பக்க ஓரத்தில் மட்டும் லேசான மாற்றம் மிச்சம். நாக்கு இடப்பக்கம் கொஞ்சம் குட்டையான மாதிரி ஆறு வாரம் இருந்தது. 'ள'வும் 'ழ'வும் சரியாக வரவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். ஆரம்பத்திலிருந்து எல்லாம் சேர்த்து 45,000 ரூபாயை ஒட்டிச் செலவானது. அதில் கேப்சூல், ஜெல், பொடி என்று 8,000 ரூபாய்க்கு மேல் வீண். இரண்டு சீசன் ஆர்டர் போனது தனிக் கணக்கு.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். அவர் நாக்கைத் துணியால் பிடித்து இரண்டு ஓரத்தையும் அடியையும் பார்ப்பார், விரலால் அழுத்தி அடியில் கெட்டி தட்டுகிறதா என்று பார்ப்பார், கழுத்திலும் தாடைக்கு அடியிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவுவார். ஈறுகளையும் விடமாட்டார். வயதான பெண்களுக்கு ஈறில் மெதுவாகப் படர்ந்து கரடுமுரடாகும் ஒரு வகை வெள்ளை உண்டு, ஆரம்பத்தில் லைக்கன் பிளேனஸ் மாதிரியே ஏமாற்றும், அது மற்றவற்றைவிட அதிகமாகப் புற்றாக மாறும் என்றார். நாக்கைப் பிடித்து இழுக்காமல், 'ஆ' காட்டச் சொல்லி முடிக்கும் பரிசோதனை எனக்கு இப்போது பரிசோதனையாகத் தோன்றுவதில்லை. வீட்டில் மாதம் ஒருமுறை நானே பார்க்கிறேன். வெள்ளையின் நடுவே சிவப்பு, மேடு, கெட்டி, தொட்டால் ரத்தம், இரண்டு வாரமாக ஆறாத புண், காது வரை இழுக்கும் வலி, இவற்றில் ஏதாவது வந்தால் தேதிக்காகக் காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்கிறார்.

படம் எடுப்பதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறோம். பகலில் ஜன்னல் பக்கம், செல்போன் வெளிச்சம் போட்டு, நாக்கை ஈரத் துணியால் நானே இழுத்துப் பிடித்துக்கொள்ள, மகளோ வீட்டுக்காரரோ எடுப்பார்கள். என் இஞ்ச் டேப்பிலிருந்து இரண்டு அங்குலம் வெட்டிக் கழுவி வைத்திருக்கிறேன். அதை நாக்குக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தால் அளவு தெரியும். நாக்கைக் கூட இழுத்தால் திட்டு நீளமாகத் தெரியும், அதனால் எப்போதும் முன்பல்லுக்கு வெளியே ஒரே அளவு இழுப்போம். ஒவ்வொரு படத்தோடும் தேதி இருக்கும். கன்னத்துக்கு ஒரு ஃபோல்டர், நாக்குக்கு ஒரு ஃபோல்டர். கோப்பிலும் அப்படியே, கன்னத்து ரிப்போர்ட் தனி, நாக்கு ரிப்போர்ட் தனி.

2025 ஏப்ரலில் தழும்பின் பின்பக்கம் நூல் மாதிரி ஒரு வெள்ளை தெரிந்தது. மிச்சம் இருந்ததாகச் சொன்ன அதே ஓரம். இந்த முறை ஐந்து வாரம் யோசிக்கவில்லை, அடுத்த புதன்கிழமையே எடுத்துக்கொண்டேன். வெறும் தோல் தடிப்பு, டிஸ்பிளேசியா இல்லை என்று வந்தது. டாக்டர் படித்துக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "இது எடுத்த இடத்துக்கு மட்டும்தானே டாக்டர்?" என்றேன். சிரித்துவிட்டு ஆமாம் என்றார். ஜூலையில் வரச் சொல்லி எழுதிக் கொடுத்தார். போய்விட்டு வந்தேன், அது அப்படியே இருக்கிறது. இப்போது அடுத்த தேதி கடை காலண்டரில், ஜாக்கெட் டெலிவரிக் கணக்குகளுக்கு நடுவே, சிவப்பு மையில் இருக்கிறது.